எந்த வாசல் வழியாக வந்தது இந்தக் கடிதம்?

நேயர்களுக்கு வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இன்றைக்கு என் மாமாவின் இன்பாக்ஸைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே நான்கு அறை கட்டி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்.

கோடை விழா வாரம் அது. ஒரு குடும்பம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து வாசலில் நிற்கிறது. அப்படி ஒரு முன்பதிவு இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. கடிதம் வந்துதான் இருந்தது. கரண்ட் பில், வங்கிச் செய்தி, தள்ளுபடி விளம்பரம் எல்லாவற்றுக்கும் நடுவே மூன்று நாளாகப் படிக்காமல் கிடந்தது. "மாப்ள, இதைப் பிரிச்சு வைக்க ஏதாவது வழி சொல்லு" என்று அன்றைக்கு ராத்திரியே போன் வந்தது.

அனுப்புபவர் பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம்தான். ஆனால் ஒரே முன்பதிவு நிறுவனம் நான்கைந்து முகவரிகளிலிருந்து அனுப்பும், அதையும் நினைத்தபோது மாற்றும். நம் கையில் மாறாமல் இருப்பது நம்முடைய முகவரி ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் கொஞ்சம் வேறு மாதிரியான முகவரியைக் கொடுத்துவிட்டால், வரும் கடிதமே தான் எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சொல்லிவிடும்.

முதலில் கூட்டல் குறி. மாமாவின் முகவரி arai@example.com என்று வைத்துக்கொள்வோம். example.com என்பது எடுத்துக்காட்டு சொல்வதற்கென்றே ஒதுக்கி வைத்த பெயர், அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. முன்பதிவுத் தளத்தில் பதியும்போது arai+booking@example.com என்று கொடுக்கிறோம். வங்கிக்கு arai+bank@example.com. இதற்காகப் புதிதாகக் கணக்கு எதுவும் திறக்க வேண்டாம். ஜிமெயிலும் அவுட்லுக்கும் கூட்டல் குறியிலிருந்து @ வரை உள்ளதை ஒதுக்கிவிட்டு, கடிதத்தை உங்கள் பெட்டியில்தான் போடும். வேறு சேவை வைத்திருப்பவர்கள் முதலில் தங்களுக்கே ஒரு கடிதம் அப்படி அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்துவிட்டால் அங்கே இந்த வசதி இல்லை என்று பொருள்.

அப்புறம் வடிகட்டி. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, தேடும் பெட்டியின் ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் To என்ற இடத்தில் அந்தக் கூட்டல் முகவரியைப் போட்டு, வடிகட்டி உருவாக்கு என்று கொடுத்து, ஒரு லேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்பாக்ஸுக்கு வராமல் நேரே லேபிளுக்குப் போகும்படியும் செய்யலாம். விளம்பரங்களுக்கு அதைச் செய்தோம். முன்பதிவும் வங்கியும் இன்பாக்ஸிலேயே, லேபிளோடு நிற்கட்டும் என்று விட்டோம். OTP எங்கேயோ ஒளிந்துகொண்டால் அதைத் தேடுவதற்குள் காலாவதி ஆகிவிடும்.

ஒரு மாதம் சுகமாகப் போனது. அப்புறம் ஒரு தளம், "சரியான மின்னஞ்சல் முகவரி தரவும்" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளியது. முகவரியில் தப்பு இல்லை. @-க்கு முன்னால் கூட்டல் குறி வரலாம் என்று மின்னஞ்சல் விதியே சொல்கிறது. படிவம் எழுதியவர் எழுத்து, எண், புள்ளி, கோடு என்று அவருக்குத் தெரிந்ததை மட்டும் அனுமதித்துவிட்டார். இது கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடுகிறது. பதியும்போது ஏற்றுக்கொண்டு, பிற்பாடு சொதப்பும் தளம்தான் மோசம். "இனி அனுப்ப வேண்டாம்" என்ற இணைப்பை மாமா அழுத்தினார். இப்படி ஒரு முகவரியே எங்களிடம் இல்லை என்றது பக்கம். உற்றுப் பார்த்தால் அதில் "arai news@" என்று நடுவே ஓர் இடைவெளி. இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல் குறியைப் பல தளங்கள் வெற்றிடம் என்றுதான் படிக்கும். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் அந்த + இருந்த இடத்தில் %2B என்று தட்டி என்டர் கொடுத்தேன், வேலை முடிந்தது.

இன்னொரு பலவீனமும் உண்டு. முகவரிப் பட்டியலைத் திருடுபவனுக்கும் இந்தக் கூட்டல் குறி சமாச்சாரம் தெரியும். நடுவில் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு மூல முகவரிக்கே அனுப்புவான்.

அதனால்தான் மாமா, @-க்குப் பின்னால் வரும் பெயரான டொமைனையே சொந்தமாக வாங்கினார். அதில் கேட்ச்-ஆல் என்ற வசதியைப் போட்டுவிட்டால், @-க்கு முன்னால் என்ன பெயர் எழுதினாலும் கடிதம் வந்து சேரும். திரைச்சீலை வாங்கிய தளத்துக்கு thirai@, மெத்தைக் கடைக்கு methai@ என்று அந்த நிமிடமே ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதான். கூட்டல் குறியே கிடையாது, வெட்டி எறியவும் எதுவும் இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து, உடனடிக் கடன் தருகிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. பெறுநர் இடத்தைத் தொட்டு விரித்துப் பார்த்தால் thirai@. வேறு யாருக்கும் கொடுக்காத பெயர். "பார்த்தியா, வித்துட்டான்" என்று மாமா குதித்தார். அவசரப்பட வேண்டாம் என்றேன். அந்தக் கடையின் வழியாக வெளியே போயிருக்கிறது என்பது வரைக்கும் கிட்டத்தட்ட நிச்சயம். கடைக்காரர் விற்றாரா, அவருக்காகக் கடிதம் அனுப்பித் தரும் நிறுவனத்தில் யாராவது திருடினார்களா என்பதை முகவரி சொல்லாது. thirai@ என்ற அந்த ஒரு பெயரை மட்டும் ஏற்க வேண்டாம் என்று மூடினோம். மற்ற வாசல்கள் அப்படியே திறந்திருக்கின்றன.

வாசல் எல்லாம் திறந்திருந்தால் ஆடு மாடும் வரத்தானே செய்யும்? info@, sales@, accounts@ என்று குத்துமதிப்பாக எழுதி அனுப்பும் குப்பை அத்தனையும் வந்து குவிந்தது. கேட்ச்-ஆலை மூடிவிடலாம் என்று ஒரு யோசனை. ஆனால் aari@ என்று எழுத்து மாற்றித் தட்டிய ஒரு விருந்தாளியின் கடிதமும் அதே வழியில்தான் வந்திருந்தது. கடைசியில், கொடுத்த பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அவை மட்டும் இன்பாக்ஸுக்கு, மற்றவை "தெரியாதவை" என்ற போல்டருக்கு என்று வடிகட்டி போட்டோம். சனிக்கிழமை காலையில் அக்கா அதைத் திறந்து ஒரு புரட்டுப் புரட்டுவார்.

பதில் போடும்போதும் ஒரு தடுக்கல் உண்டு. methai@ முகவரிக்கு வந்த கடிதத்துக்கு மாமா தன் வழக்கமான முகவரியிலிருந்தே பதில் போட்டார். இந்த முகவரியில் எங்களிடம் ஆர்டர் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அனுப்புநர் முகவரியாக methai@-ஐயும் அமைப்பில் சேர்த்து, அதிலிருந்து அனுப்பினால்தான் எடுபடும். போனில் கேட்பவர்களுக்கு மட்டும் எப்போதும் சாதா முகவரிதான். ஒருமுறை "அறை பிளஸ் புக்கிங்" என்று சொல்லி, எதிரில் இருந்தவர் பிளஸ் என்பதை நான்கு எழுத்தாகவே எழுதிக்கொண்டார்.

டொமைன் வைத்திருப்பவர்கள் ஒன்றை இன்றைக்கே பாருங்கள். சந்தா கட்டாமல் அது போய்விட்டால், அடுத்து வாங்குபவர் கேட்ச்-ஆல் போட்டு உங்கள் கடிதம் அத்தனையையும் வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் அவருக்குத்தான் போகும். மாமா அந்த டொமைனை வாங்கியபோது, விற்ற நிறுவனத்திடம் தொடர்பு முகவரியாக domain@ என்று அதே டொமைனிலேயே கொடுத்திருந்தார். டொமைன் நின்றுபோனால் அந்த அஞ்சலும் நிற்கும். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதமும் கடவுச்சொல் இணைப்பும் அவர் கைக்கு வராது. போன வாரம் மலைக்குப் போயிருந்தபோது அதை அக்காவின் ஜிமெயிலுக்கு மாற்றிவிட்டு வந்தேன்.