புதிய தாமானில் உடைந்த சாலை, அடைத்த கால்வாய்: இரண்டாவது கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: அண்ணே, வணக்கம். பினாங்கு சிம்பாங் அம்பாட் பக்கம் புதிய தாமானில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. சாலை முழுக்கக் குழி, கால்வாயில் தண்ணீர் ஓடவே இல்லை. 52 வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு உள்ளூராட்சி மன்றத்துக்குக் கடிதம் கொடுத்தோம். "சாலை இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, மேம்பாட்டாளரைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. மேம்பாட்டாளர் மன்றத்தைப் பார்க்கச் சொல்கிறார். அடுத்த கடிதத்தை யாருக்கு எழுதுவது?

பதில்: மறுபடியும் மன்றத்துக்கே எழுதுங்கள், சகோதரி. ஆனால் கேட்பதை மாற்றிக் கேளுங்கள். முதல் கடிதத்தில் "சாலையைச் சரி செய்யுங்கள்" என்று கேட்டிருப்பீர்கள். ஒப்படைக்கப்படாத சாலையில் மன்றம் தன் பணத்தைச் செலவழிக்காது. அந்தச் சாலையைக் குறை இல்லாமல் முடித்துத் தர வேண்டியவர் மேம்பாட்டாளர். அதைப் பார்த்து ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்ல வேண்டியது மன்றம். அந்த வேலையைச் செய்யச் சொல்லித்தான் இந்தக் கடிதம் போக வேண்டும்.

இங்கே நிறைய பேர் குழம்புகிற ஓர் இடம் இருக்கிறது. சாவி கொடுக்கும்போது சி.சி.சி. வந்துவிட்டது, அதனால் சாலையையும் மன்றம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறோம். 2007-க்குப் பிறகு சி.சி.சி. சான்றிதழைக் கொடுப்பது மன்றம் இல்லை. அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் கையெழுத்திடுகிறார். வீட்டில் குடியேறலாம் என்பதற்கு அது சான்று. சாலையையும் கால்வாயையும் மன்றம் பொறுப்பேற்பது வேறொரு நடைமுறை, அதற்கு வருடக்கணக்கில்கூட ஆகலாம்.

இப்போது உங்கள் வீட்டு ஒப்பந்தத்தை எடுங்கள். தரை வீடு என்றால் அது பெரும்பாலும் அட்டவணை ஜி என்ற சட்டப்படியான ஒப்பந்தப் படிவம். அதில் அடிப்படை வசதிகள் பற்றிய பிரிவைப் படியுங்கள். சாலை, கால்வாய் எல்லாவற்றையும் மேம்பாட்டாளர் தன் செலவில், அதிகாரிகள் கேட்கும் தரத்தில் கட்ட வேண்டும், கட்டி முடித்ததும் மன்றம் பொறுப்பேற்க தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று இருக்கும். அதே பிரிவில், ஒப்படைக்கும் வரை பராமரிப்புச் செலவில் நியாயமான ஒரு பங்கை வீடு வாங்கியவர் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கும். அதனால் ஒப்படைப்பு தள்ளிப்போகப் போக, செலவு உங்கள் தலையிலும் விழலாம். அந்தப் பக்கத்தின் நகலைக் கடிதத்தோடு இணையுங்கள்.

சரி, கடிதத்தில் என்ன கேட்பது? எங்கள் தாமானில் 74 வீடு. நான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளராக இருந்தபோது எங்களுக்கும் இதே பதில்தான் வந்தது. இரண்டாவது கடிதத்தில் மூன்றே மூன்று கேட்டோம். சாலையும் கால்வாயும் ஒப்படைக்கப்பட்டுவிட்டனவா, இல்லையென்றால் எந்தக் குறையால் நிற்கின்றன? மேம்பாட்டாளரையும் எங்களையும் வைத்துக் கூட்டாக ஒரு தள ஆய்வு எப்போது? மேம்பாட்டாளர் மன்றத்திடம் பிணைப்பணமோ வங்கி உத்தரவாதமோ வைத்திருக்கிறாரா, அது எப்போது முடிகிறது? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிணைப்பணம் மன்றத்தின் கையில் இருக்கும்போது மேம்பாட்டாளர் வருவார். அது திரும்பிப் போன பிறகு வரவழைப்பது பெரும்பாடு.

கடிதத்தை மலாயில், ஒரே பக்கத்தில் எழுதினோம். மன்றத் தலைவருக்கு அனுப்பி, பொறியியல் துறையின் கவனத்துக்கு என்று குறித்தோம். நகல் மேம்பாட்டாளருக்கும், எங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும் போனது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து, பக்கத்தில் வீட்டு எண், அவ்வளவுதான். அடையாள அட்டை எண்ணைத் தயவுசெய்து எழுத வேண்டாம். அந்தத் தாள் எத்தனை கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

கடிதத்தைவிட அதோடு போகிற குறைப் பட்டியல்தான் வேலை செய்யும். "சாலை மோசம்" என்று எழுதினால் பொறியாளருக்கு ஒன்றும் புரியாது. "14-ஆம் எண் வீட்டு முன் குழி, நீளம் ஒரு மீட்டர், ஆழம் 8 சென்டிமீட்டர், படம் 3" என்று எழுதுங்கள். குழியின் வடிவத்தையும் பாருங்கள். சாலையின் குறுக்கே நேர்கோடாக அமுங்கியிருந்தால், அங்கே குழாயோ கேபிளோ புதைத்து மண்ணைச் சரியாக இறுக்காமல் மூடியிருப்பார்கள். யார் தோண்டியது என்று தனியாகக் கேட்க வேண்டும். கண்டபடி சிதறிய குழிகள் என்றால், மழைநீர் தேங்கி பிரிமிக்ஸுக்கு அடியில் இறங்கியிருக்கும், அல்லது அடுத்த கட்ட வீடுகளுக்கு மணல் ஏற்றிய லாரிகள் அழுத்தியிருக்கும்.

கால்வாயில்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம். மூன்றாவது சாலையின் பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் நின்றதும் குப்பை அடைப்பு என்று எழுதிவிட்டோம். ஆள் வந்து அள்ளினார்கள், புகார் தீர்ந்தது என்று கோப்பை மூடினார்கள். அடுத்த மழையில் பழைய கதை. அப்புறம் ஒரு பெரியவர் சொன்னபடி செய்து பார்த்தோம். கால்வாயை நாங்களே சுத்தமாகக் கழுவி, மழை இல்லாத மூன்று நாள் விட்டோம். மேலே ஒரு வீட்டின் முன் காய்ந்துவிட்டது, கீழே மதகு வாயிலும் காய்ந்துவிட்டது, நடுவில் மட்டும் நாலு அங்குலம் தண்ணீர் அப்படியே நின்றது. குப்பை அடைப்பாக இருந்தால் அள்ளியதும் ஓடியிருக்கும். சுத்தமான கால்வாயில் நடுவில் மட்டும் நிற்கிறது என்றால் சாய்வு தவறு, அடித்தளம் பள்ளமாகிவிட்டது என்று அர்த்தம். கடைசி முனையிலிருந்தே பின்னோக்கித் தேங்கினால் வெளியே போகும் பெரிய கால்வாயில் கோளாறு. அது உங்கள் தாமானுக்கு வெளியே, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பாகவும் இருக்கலாம்.

அந்த மூன்று நாள் படங்களைத் தேதியோடு இணைத்தோம். ஆய்வு நாளில் பொறியாளர் மட்டக் கருவியை வைத்துப் பார்த்தார். கீழ்நோக்கி இறங்க வேண்டிய கால்வாய் ஓரிடத்தில் இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. மேம்பாட்டாளர் 20 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக உடைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. "கால்வாய் அடைப்பு" என்று எழுதியிருந்தால் இன்னொரு முறை அள்ளியிருப்பார்கள்.

ஆய்வுக்கு முன் ஒன்று செய்துவிடுங்கள். உங்கள் தாமானில் யாராவது வீட்டு முன் கால்வாயின் மேல் திறக்க முடியாதபடி டைல்ஸ் போட்டு மூடியிருக்கிறார்களா, வீட்டைப் பெரிதாக்கும்போது சிமெண்டுக் குழம்பைக் கால்வாயில் ஊற்றியிருக்கிறார்களா என்று நடந்து பாருங்கள். எங்கள் தாமானில் ஆறு வீடு அப்படி இருந்தது. மேம்பாட்டாளர் முதலில் கை காட்டியது அந்த ஆறு வீட்டைத்தான். பேசிப் பேசி, கம்பி வலை மூடியாக மாற்ற வைத்தோம். மனக்கசப்பு வந்தது, ஆனாலும் செய்யாமல் முடியாது.

கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அடுத்த கடிதத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிடலாம். மேம்பாட்டாளர் திருத்தி முடித்ததும், மன்றம் பொறுப்பேற்பதற்கு முன், ஒரு பெரிய மழை பெய்யும் வரை பொறுத்து, மூன்றாவது நாள் போய் அதே இடத்தில் மறுபடி படம் எடுங்கள். தண்ணீர் நின்றால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.