வைஃபை பேர் மாறியாச்சு, வீடே ஆஃப்லைன்! ரீசெட் ஓட்டைக்குள்ள ஊக்கை விடாதீங்க

வணக்கம் மக்களே! என் கையில இருக்கறது சாதாரண ஊக்கு. வைஃபை பேரோ பாஸ்வேர்டோ மாறினதும் நம்ம ஆளுங்க முதல்ல தேடறது இதைத்தான். கேமரா, பிரிண்டர், செட் டாப் பாக்ஸ்னு எதுல சின்ன ஓட்டை தெரிஞ்சாலும் உள்ள விட்டு ஒரு அமுக்கு. அமுக்கிட்டா டைமர், ஸ்பீக்கர்ல வச்ச பேர், கேமரா செட்டிங்னு எல்லாம் போயிடும். அப்படி அமுக்காமலே எல்லாத்தையும் திரும்ப நெட்டுக்குக் கொண்டு வரலாம். எப்படின்னு எங்க அக்கா வீட்டுல நடந்ததை வச்சே சொல்றேன்.

அக்கா வீடு திருப்பூர்ல. பிராட்பேண்ட் கம்பெனியை மாத்தினாங்க. வந்த பையன் புது ரவுட்டரை மாட்டி, அவனாவே ஒரு பேரும் பாஸ்வேர்டும் போட்டுட்டுப் போயிட்டான். சாயந்திரம் பார்த்தா ஹால்ல நாலு ஸ்மார்ட் பல்பு, கீசர் பிளக், வாசல் கேமரா, பிரிண்டர், டிவி பாக்ஸ் எதுவும் வரல. மாமா போன் பண்ணி, "மாப்ள, ஒவ்வொண்ணா ரீசெட் அடிச்சுடட்டுமா? கேமராவுக்கு ஏணி வேற வேணும்"ங்கறார். "மாமா, ஏணியை உள்ள வைங்க, முதல்ல ரவுட்டரை மட்டும் தொடுவோம்"னேன்.

ஏன் ரவுட்டர்? ஒரு பல்போ பிளக்கோ தனக்குள்ள ரெண்டே விஷயத்தைத்தான் எழுதி வச்சிருக்கு. ஒண்ணு வைஃபை பேர், இன்னொண்ணு பாஸ்வேர்டு. ரவுட்டர் எந்தக் கம்பெனி, எந்த மாடல்னெல்லாம் அது பார்க்கறதில்ல. அந்தப் பேர்ல யாராவது சிக்னல் விட்டா போய்க் கேட்கும், பாஸ்வேர்டு சரியா இருந்தா உள்ள நுழைஞ்சிடும். அதனால பத்து சாமான்கிட்ட போய்ப் புதுப் பேரைச் சொல்றதுக்குப் பதிலா, புது ரவுட்டருக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் வச்சுட்டா போதும்.

ஆனா எழுத்து பிசகக்கூடாது. வைஃபை பூட்டோட சாவியே பேரையும் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வருது. அதனால பாஸ்வேர்டு சரியா இருந்து பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் கதவு திறக்காது. மாமா வீட்டுப் பழைய பேர் `Selvi Home`, நடுவுல ஒரு ஸ்பேஸ். மாமா முதல்ல `Selvi home`னு சின்ன எழுத்துல போட்டார். ஒரு பல்பு கூட திரும்பிப் பார்க்கல.

சரி, பழைய பாஸ்வேர்டே மறந்துபோச்சுன்னா? வீட்டு லேப்டாப் விண்டோஸா இருந்தா, பழைய வைஃபையை அது இன்னும் மறந்திருக்காது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை அடிங்க, பேர் மட்டும் உங்களுது:

```
netsh wlan show profile name="Selvi Home" key=clear
```

வர்ற பட்டியல்ல `Key Content`ங்கற வரிக்கு நேரா பாஸ்வேர்டு இருக்கும். லேப்டாப் இல்லாதவங்க ஆண்ட்ராய்டு போன்ல சேமிச்ச நெட்வொர்க் பட்டியலுக்குப் போய் ஷேர் அமுக்கிப் பாருங்க. பல போன்ல க்யூஆர் கோடுக்குக் கீழயே பாஸ்வேர்டும் தெரியும்.

இப்ப ரவுட்டர். அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல அட்ரஸ் இருக்கும், `192.168.0.1` மாதிரி. அதை பிரவுசர்ல போட்டு உள்ள போங்க. வயர்லெஸ் பகுதியில 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு இருக்கும். பல்பு, பிளக் வகையறா பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பிடிக்கும், அதனால பழைய பேர் 2.4ல கண்டிப்பா இருக்கணும். அடுத்தது செக்யூரிட்டி. புது ரவுட்டர்ல WPA3 மட்டும்னு இருந்தா பழைய சாமான் பேரைப் பார்க்கும், உள்ள வர முடியாது. `WPA2-PSK`, பக்கத்துல `AES`னு வைங்க. சேவ் பண்ணதும் உங்க போனே அறுந்துபோகும், பதறாதீங்க. பழைய பேர்ல திரும்ப இணைச்சுக்கலாம்.

மாமா பெரிய எழுத்து `H`ஐத் திருத்தி சேவ் பண்ணார். கொஞ்ச நேரத்துல பல்பு, பிளக், கேமரா எல்லாம் ஆப்புல வரிசையா ஆன்லைன் காட்டுச்சு. அதுக்கப்புறமும் ஏதாவது வரலைன்னா கரண்ட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சிலது ரொம்ப நேரம் தேடிக் களைச்சுப்போய், அடிக்கடி தேடறதைக் குறைச்சுக்கும்.

இந்த இடத்துல பிரிண்டர் மட்டும் அடம் பிடிச்சது. அதுல வைஃபை லைட் அசையாம எரியுது, அப்படின்னா உள்ள வந்தாச்சு. லேப்டாப் மட்டும் ஆஃப்லைன்னு சொல்லுது. நிறைய பேர் மாட்டிக்கறது இங்கதான், அதனால கொஞ்சம் நின்னு பார்ப்போம். பழைய ரவுட்டர் வீட்டுச் சாமானுக்கெல்லாம் `192.168.1`ல ஆரம்பிக்கற நம்பர் குடுத்துச்சு. புதுசு `192.168.0`ல ஆரம்பிக்குது. பிரிண்டருக்குப் புது நம்பர் வந்துடுச்சு, லேப்டாப் இன்னும் பழைய நம்பருக்கே பேப்பரை அனுப்பிட்டிருக்கு. வீடு மாறின ஆளுக்குப் பழைய விலாசத்துல தபால் போடற கதைதான்.

முதல்ல பிரிண்டரோட இப்போதைய நம்பரைக் கண்டுபிடிங்க. ஸ்க்ரீன் இல்லாத பிரிண்டர்ல நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஷீட்னு ஒரு பக்கம் அடிக்கற வசதி இருக்கும், ரவுட்டர் பக்கத்துல இணைஞ்ச சாமான் பட்டியல்லயும் தெரியும். அப்புறம் விண்டோஸ்ல `Printer properties`, அதுக்குள்ள `Ports`, `Add Port`, `Standard TCP/IP Port`, அங்க புது நம்பரைப் போட்டா வேலை முடிஞ்சது. பிரிண்டரை அழிச்சுட்டுத் திரும்பச் சேர்த்தாலும் சரிதான். ஷீட்ல இன்னும் பழைய `192.168.1` நம்பரே இருந்தா, யாரோ முன்னாடி நம்பரைக் கையால பூட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அப்ப பிரிண்டரோட நெட்வொர்க் செட்டிங்கை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டு வரணும். இது ஃபேக்டரி ரீசெட் இல்ல, வேற எதையும் தொடாது. எப்சன் எல்3150 மாதிரி மாடல்ல அதுக்கு எந்தப் பட்டன்னு மேனுவல்ல பார்த்துக்கோங்க.

அதுக்கப்புறம் வைஃபைல திரும்பச் சேர்க்க, வைஃபை பட்டனை 5 செகண்டுக்கு மேல அமுக்குங்க, லைட் மாறி மாறி மின்னும். உடனே, 2 நிமிஷத்துக்குள்ள, ரவுட்டர்ல பாஸ்வேர்டு கேட்காமலே சாமானைச் சேர்க்கற WPS பட்டனை அமுக்குங்க. ரவுட்டர்ல WPA3 மட்டும் இருந்தாலோ வைஃபை பேரை மறைச்சு வச்சிருந்தாலோ இந்த வழி வேலை செய்யாது.

செட் டாப் பாக்ஸ் சுலபம், ரிமோட் இருக்கு, ஸ்க்ரீன் இருக்கு. ஒரே ஒரு கண்ணி. பேர் அதே, பாஸ்வேர்டு மட்டும் மாறியிருந்தா பாக்ஸ் `Saved`னு காட்டிக்கிட்டே சேராம நிக்கும், புதுசு என்னன்னும் கேட்காது. நெட்வொர்க் செட்டிங்ல அந்தப் பேரைத் திறந்து `Forget network` குடுத்துட்டுத் திரும்பச் சேருங்க. டிஷ்ல வர்ற சேனல் எல்லாம் வைஃபை இல்லாமலே ஓடும், அது ஓடுதுன்னு பாக்ஸ் நெட்ல இருக்குன்னு நினைச்சுடாதீங்க.

இப்ப நீங்க கேட்பீங்க: "பாஸ்வேர்டை மாத்தினதே மாடியில குடியிருந்தவங்க காலி பண்ணதால, பழசையே வைக்கச் சொல்றியா?" நியாயம். அதுக்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க். ரவுட்டர்ல முக்கிய வைஃபைக்குப் புதுப் பேர், புதுப் பாஸ்வேர்டு வைங்க. கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4ல மட்டும் ஆன் பண்ணி, அதுக்குப் பழைய பேரையும் பாஸ்வேர்டையும் குடுங்க. எல்லாச் சாமானும் அதுல வந்து ஏறும். உங்க வசதிக்கு ஒவ்வொண்ணா ஆப்புக்குள்ள போய்ப் புதுசுக்கு மாத்திக்கிட்டே வாங்க. கெஸ்ட்ல இருக்கற சாமானை மத்த போன், லேப்டாப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுக்கும். அதனால பிரிண்டரைக் கெஸ்ட்ல விட்டு வச்சா பிரிண்ட் போகாது. அதை முதல்ல மாத்துங்க.

ஆப்புலயே வைஃபை மாத்தற வசதி சில பல்புக்கு மட்டும்தான். இல்லாத பல்பைப் பெரும்பாலும் மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணினா வேகமா மின்னும். அப்ப ஆப்புல புதுசா சேர்க்கற மாதிரியே சேருங்க, ஆனா பழைய பல்பை ஆப்புல இருந்து அழிச்சுடாதீங்க. அதே அக்கவுண்ட்ல அழிக்காம சேர்த்தா, பல பிராண்ட் பல்பும் ஓடற டூயா வகை ஆப்புல அதே பல்பாத்தான் வரும், பேரும் டைமரும் அப்படியே நிக்கும். அழிச்சுட்டுச் சேர்த்தா அதுக்கு நீங்க புது ஆள்.

எக்கோ ஸ்பீக்கருக்கு ஆக்ஷன் பட்டனை அமுக்கிப் பிடிங்க. ஆரஞ்சு லைட் வந்ததும் விரலை எடுத்துடணும், அப்புறம் அலெக்ஸா ஆப்புல புது வைஃபை குடுங்க. இன்னும் அமுக்கிக்கிட்டே இருந்தா, 20, 25 செகண்டுல பல மாடல்ல ஃபேக்டரி ரீசெட்டே ஆயிடும். பட்டன் ஒண்ணுதான்.

கூகுள் நெஸ்ட் மினி கதை வேற. ஹோம் ஆப்புல அந்த ஸ்பீக்கரோட வைஃபையை `Forget` பண்ணணும், அதுக்கு ஸ்பீக்கரும் போனும் ஒரே வைஃபைல இருக்கணும். கெஸ்ட் தடுப்பு இங்க குறுக்க வரும். அதனால வீட்டுல ரெண்டாவது போன் ஒண்ணு எடுத்து, ஹாட்ஸ்பாட்டுக்குப் பழைய பேர், பழைய பாஸ்வேர்டு வச்சு, பேண்டு 2.4ல போடுங்க. கெஸ்ட்டை அப்ப ஆஃப் பண்ணி வைங்க. ஸ்பீக்கர் ஹாட்ஸ்பாட்டுக்கு வரும், உங்க போனையும் அதுலயே இணைச்சு `Forget` குடுங்க, அப்புறம் புது வைஃபைல சேருங்க. ஃபயர் ஸ்டிக் ரிமோட் தொலைஞ்சவங்களுக்கும் இதே வழிதான், போன் ஆப்பை ரிமோட்டா வச்சுக்கலாம். ஐபோன்ல ஹாட்ஸ்பாட் பேர் போனோட பேர்தான். அங்க போன் பேரையே மாத்தி, `Maximize Compatibility` ஆன் பண்ணணும்.

எல்லாம் மாத்தியாச்சான்னு தெரிஞ்சுக்க, ரவுட்டர்ல கெஸ்ட்ல இணைஞ்சவங்க பட்டியலைப் பாருங்க. மாமா வீட்டுல மாதிரி மொட்டைமாடி லைட் சுவிட்ச்லயே ஆஃப்ல கிடந்தா அது பட்டியல்லயே வராது. அதனால எல்லாச் சுவிட்ச்சையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு, பட்டியல் காலியா இருந்தா கெஸ்ட்டை ஆஃப் பண்ணிடுங்க.