இரண்டு சென்டிமீட்டர் எங்கே போனது?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை அழகாகச் சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, மேடையில் இருக்கும் தலைமை ஆசிரியர்களே, புவியியல் மன்றத்தின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே (இரண்டு பேர் இப்போது என்னைவிடப் பெரிய பதவியில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி வணக்கம்), பின்வரிசையில் கடந்த ஆண்டு வினாத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் எனக்கு நாற்பது நிமிடம் தந்திருக்கிறார். வணக்கம் சொல்வதிலேயே கொஞ்சம் போய்விட்டது.

மூன்று விஷயங்கள் பேசப் போகிறேன்: வரைபு, நிலப்படம், அட்டவணை. இவற்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "இதைப் பயன்படுத்தி விடை எழுதுக" என்று கேட்டால் என்ன எழுதுவது? என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும், எனக்கு ஒரே ஒரு பழமொழிதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இன்றைக்கும் அதுதான்.

முதலில் வரைபு. காலநிலை வரைபையே எடுத்துக்கொள்வோம், அடிக்கடி வருவது அது. பயிற்சிக்காக நானே ஓரிடத்தைக் கற்பனை செய்து, அதற்கு 'அ' என்று பெயர் வைத்திருக்கிறேன். மழை பட்டைகளாக நிற்கிறது, வெப்பநிலை ஒரு கோடாக ஓடுகிறது. இடப்பக்க அச்சு மழைக்கு, மில்லிமீட்டரில். வலப்பக்க அச்சு வெப்பநிலைக்கு, பாகை செல்சியஸில். ஜனவரியில் மழை 10 மி.மீ., ஜூலையில் 320. ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களைக் கூட்டினால் 1050. ஆண்டு முழுவதும் கூட்டினால் 1300. வெப்பநிலை ஜனவரியில் 21 பாகை, மே மாதத்தில் 33, ஜூலையில் 28.

கேள்வி: இவ்விடத்தின் மழைவீழ்ச்சிப் பாங்கை விவரி. நான்கு மதிப்பெண்.

எனக்கு வரும் விடைகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "ஜனவரியில் 10 மி.மீ., பிப்ரவரியில் 10 மி.மீ., மார்ச்சில் 15 மி.மீ." என்று டிசம்பர் வரை போகும். இது விவரிப்பு இல்லை, படத்தை வார்த்தையில் நகல் எடுப்பது. மறுபாதி வேறு மாதிரி: "மழை சில மாதங்களில் அதிகம், சில மாதங்களில் குறைவு." இதை எழுத வரைபே தேவையில்லையே! எந்த ஊருக்கும் எழுதலாம்.

சரி, எப்படி எழுதலாம்? முதலில் பாங்கைச் சொல்லுங்கள்: மழை ஆண்டு முழுவதும் சமமாகப் பெய்யவில்லை, ஜூன் முதல் செப்டம்பர் வரை குவிந்திருக்கிறது. அடுத்து அதற்கு எண்ணைக் கொடுங்கள்: உச்சம் ஜூலையில் சுமார் 320 மி.மீ., மிகக் குறைவு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மாதத்துக்கு 10 மி.மீ. அளவில். அப்புறம் எண்ணைக் கொஞ்சம் வேலை வாங்குங்கள்: அந்த நான்கு மாதங்களில் 1050 மி.மீ., அதாவது ஆண்டு மழையான 1300 மி.மீ.இல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. இந்தக் கடைசி வாக்கியம் படத்தில் எங்கேயும் எழுதியிருக்காது, படித்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடைத்தாள் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான்.

'சுமார்' என்ற சொல்லையும் கவனியுங்கள். அச்சில் 50க்கு ஒரு கோடு என்றால் பட்டையின் உச்சியை 323 என்று யாராலும் படிக்க முடியாது. சுமார் 320 என்று எழுதினால் போதும். படம் தராத நுணுக்கத்தை நாம் சேர்க்கக் கூடாது. பருவக்காற்று எப்படி உருவாகிறது என்று மூன்று பத்தி எழுதுவோரும் உண்டு. கேள்வி 'விவரி' என்கிறது. காரணத்தை 'விளக்கு' என்று கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு அச்சு இருந்தால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. வெப்பநிலைக் கோட்டை இடப்பக்க அச்சில் படித்து, "மே மாத வெப்பநிலை 330" என்று எழுதிய விடைகளை நானே திருத்தியிருக்கிறேன். எழுதியதும் அலகைச் சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடும். 330 பாகை செல்சியஸ் வெயிலில் யாரும் பரீட்சை எழுத முடியாது.

சரி, நிலப்படத்துக்கு வருவோம். இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளம், தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வகுப்புக்குக் கடந்த ஆண்டு வினாத்தாள் ஒன்றைப் பயிற்சிக்குக் கொடுத்தேன். 1:50,000 நிலப்படம். படத்தில் 1 செ.மீ. என்றால் தரையில் 500 மீட்டர், 2 செ.மீ. என்றால் 1 கிலோமீட்டர். பாலத்திலிருந்து சந்தி வரை சாலையின் நீளம் என்ன என்று ஒரு கேள்வி. என் கையில் இருந்த விடைக்குறிப்பில் 4 கிலோமீட்டர், 3.9 முதல் 4.1 வரை ஏற்கலாம் என்று இருந்தது.

வகுப்பில் முப்பத்தெட்டு பேர். தாள்களைத் திருத்துகிறேன். முதல் தாளில் 2.8. தப்பு. அடுத்ததில் 2.9. தப்பு. மூன்றாவது 2.8. சாலை வளைந்து போகிறது, நூலை வைத்து அளக்காமல் நேர்கோட்டில் அளந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பத்தாவது தாளில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் நின்று, "நூல் வைத்து அளக்கச் சொன்னேனா இல்லையா? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!" என்று கத்தினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். அதிகம் பேசாத பிள்ளை.

"சார், நூல் வைத்துத்தான் அளந்தேன்."

"எவ்வளவு வந்தது?"

"5.7 செ.மீ. சார்."

"8 வர வேண்டும்!"

"சார், கட்டத்தை அளந்து பார்த்தீர்களா?"

வகுப்பே மூச்சடங்கிப் போனது. என் மேசைக்கு வந்து அவளே அளவுகோலை வைத்துக் காட்டினாள். 1:50,000 நிலப்படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 1 கிலோமீட்டர், அப்படியென்றால் 2 செ.மீ. இருக்க வேண்டும். எங்கள் தாளில் இருந்தது 1.4 செ.மீ.

என்ன நடந்தது தெரியுமா? மூலப்படம் ஏ3 தாளில் இருந்தது. நகல் எடுத்தவரிடம், "ஒரே தாளில் அடங்கட்டும்" என்று சொல்லி ஏ4இல் சுருக்கச் சொன்னவன் நான்தான். அப்படிச் சுருக்கினால் ஒவ்வொரு நீளமும் 71 விழுக்காடாகிவிடும். 8 செ.மீ. சாலை 5.7 ஆகிவிட்டது. ஆனால் படத்தின் அடியில் அச்சிட்ட 1:50,000 என்ற எழுத்து அப்படியே நின்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கிலோமீட்டர் குறித்த அளவுக்கோடு ஒன்று இருக்கும் இல்லையா, அது மட்டும் உண்மை பேசியது. படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருந்தது. நூலை அந்தக் கோட்டில் வைத்திருந்தால் 4 கிலோமீட்டர் சரியாக வந்திருக்கும்.

முப்பத்தெட்டு தாளையும் திருப்பி வாங்கி மறுபடி திருத்தினேன். அடுத்த கேள்வியிலும் அதே கோளாறு. மலைச்சரிவின் வாட்டம் கேட்டிருந்தார்கள். மேலே 180 மீட்டர் சம உயரக் கோடு, கீழே ஓடைக்கரையில் 80. இறக்கம் 100 மீட்டர். மூலப்படத்தில் இடைத்தூரம் 2 செ.மீ., அதாவது 1000 மீட்டர், ஆகவே 10க்கு 1. சுருக்கிய படத்தில் 1.4 செ.மீ., 700 மீட்டர் என்று கணக்குப் போட்டு, 7க்கு 1 என்று எழுதியிருந்தார்கள். உயரத்தைக் குறிக்கும் எண்கள் மாறவில்லை, தூரம் மட்டும் சுருங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையைச் செங்குத்தாக்கியிருந்தேன் நான்.

அன்றிலிருந்து நான் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் ஊர் ஊராகக் கத்திக்கொண்டிருக்கிறேன். மேடையில் தலைமை ஆசிரியர்கள் இருப்பதால் இங்கேயும் கத்திவிடுகிறேன். பிள்ளைகளுக்குச் சுருக்கிய நிலப்படத்தைக் கொடுக்காதீர்கள். ஏ3 படத்தை இரண்டு பாதியாக, சுருக்காமல், இரண்டு ஏ4 தாளில் நகல் எடுத்து ஒட்டுங்கள். விளக்கக் குறிப்பும் அளவுக்கோடும் ஓரத்தில் வெட்டுப்படாமல் பாருங்கள்.

வண்ணத்தையும் சொல்ல வேண்டும். மூலப்படத்தில் ஓடை நீலம், சம உயரக் கோடு பழுப்பு. கறுப்பு வெள்ளை நகலில் இரண்டும் ஒரே சாம்பல் கோடு. பிள்ளைகள் சம உயரக் கோட்டை ஓடை என்று எண்ணி, "இப்பகுதியில் ஓடைகள் மிக நெருக்கமாக உள்ளன" என்று எழுதுகிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது செங்குத்துச் சரிவு. அப்படிப்பட்ட நகல்தான் கையில் இருக்கிறது என்றால், மாணவர்களே, இரண்டு அடையாளம் சொல்கிறேன். சம உயரக் கோட்டில் ஆங்காங்கே உயரத்தின் எண் இருக்கும், ஒன்றோடொன்று அவை சேரா. ஓடைகள் சேர்ந்துகொண்டே போகும். ஓடை குறுக்கே செல்லும் இடத்தில் சம உயரக் கோடுகள் ஆப்பு மாதிரி மடங்கும், ஆப்பின் முனை ஓடை வரும் மேட்டுப் பக்கத்தைக் காட்டும். ஆனால் ஒரு பெஞ்சுக்கு ஒரு வண்ண நகல் கொடுத்துவிட்டால் இந்தத் துப்பறியும் வேலையே வேண்டாம். அதைத்தான் நான் கேட்கிறேன், பெரிதாக வேறு எதையும் கேட்கவில்லை.

மூன்றாவது அட்டவணை. செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அதனால் ஒன்று மட்டும். நெடுவரிசைத் தலைப்பில் 'ஆயிரத்தில்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 450 என்று எழுதியிருந்தால் அது நாலரை லட்சம். மற்றதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம், அழைத்தால் வருகிறேன்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு நிலப்படங்கள் வைத்திருக்கிறேன், எல்லாம் சுருக்காதவை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே போவதற்கு முன்னால் அளவுகோலை வைத்து ஒரு கட்டத்தை அளந்து பாருங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, நான் கொடுத்தாலும் அளந்து வாங்கு. 2 செ.மீ. வரவில்லை என்றால் படியிலேயே நிற்கிறேன், என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.