திரையை மஞ்சளாக்கினால் உறக்கம் திரும்பிவிடுமா?

நடுவர் கேட்டது: “இரவு நேரக் கைப்பேசியால் இளையோர் மூளைக்கு நேரும் பாதிப்பில் பெரும்பங்கு திரையின் வெளிச்சத்துக்கா, அது தின்றுவிடும் நேரத்துக்கா?”

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, எதிரில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம். நேரத்துக்கே என்னும் அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் செய்தி அறிந்தவர் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நம் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன, அவை நீல ஒளிக்கு அதிகம் கிளர்ச்சி அடைகின்றன, அந்தச் செய்தி மூளையின் கடிகாரத்தை எட்டியதும் உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைகிறது என்று அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. என் கேள்வி ஒன்றுதான்: அதனால் எத்தனை நிமிட உறக்கம் போகிறது?

இதை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 12 பேரைக் கொண்டு நடத்தி, 2015இல் அச்சேறிய ஓர் ஆய்வில், ஒவ்வொருவரும் 5 இரவுகள் ஒளிரும் திரையிலும் 5 இரவுகள் அச்சுப் புத்தகத்திலும், படுப்பதற்கு முன் 4 மணி நேரம் வாசித்தார்கள். திரையில் வாசித்த இரவுகளில் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது, எதிரணியினர் கைதட்டலாம். ஆனால் அவர்கள் கண்ணயர எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். அதுவும் திரை முழு வெளிச்சத்தில், அறை மங்கலாக இருந்த நிலையில். பகலில் பல மணி நேரம் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களை வைத்துச் சுவீடனில் பின்னர் செய்த ஆய்வில், மாலையில் டேப்லெட்டில் வாசித்தவர்களுக்கும் புத்தகத்தில் வாசித்தவர்களுக்கும் மெலடோனினில் வேறுபாடு தெரியவில்லை. இவ்விரண்டும் பெரியவர்களிடம் செய்தவை. பருவமடையும் வயதினரின் கடிகாரம் மாலை ஒளிக்குக் கூடுதலாக அசைந்து கொடுக்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கு முழுதாக முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எதிரணிக்கு வேண்டுமானால் 10 நிமிடத்தை 20 ஆக்கியே தருகிறேன்.

இப்போது ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழ வேண்டும். இரவு 10.30க்குப் படுக்கிறாள், உடனே உறக்கம் வருவதில்லை. பருவமடையும் வயதில் உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது என்பதால் அது அவள் குற்றமன்று. அந்த இடைவெளியில் கையிலெடுத்த கைப்பேசியில் ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது தானே தொடங்கிவிடுகிறது. தோழியர் குழுவில் ஒருத்தி ஏதோ கேட்கிறாள், பதில் சொல்லாவிட்டால் நாளை முகம் பார்க்க முடியாது. கைப்பேசியைக் கீழே வைக்கும்போது மணி 12.30. போனது 120 நிமிடம். எஞ்சியிருப்பது ஐந்தரை மணி நேரம். அவள் வயதுக்கு உறக்க மருத்துவர்கள் பரிந்துரைப்பது 8 முதல் 10 மணி நேரம்.

இங்கேதான் எதிரணியின் இரண்டாவது பேச்சாளரை நான் சந்திக்கிறேன். “இரவுப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள், திரை மஞ்சளாகிவிடும், சிக்கல் தீர்ந்தது” என்றார். பாதி சரி: மஞ்சள் திரையில் நீல ஒளி குறைவுதான். ஆனால் மஞ்சள் திரையிலும் அடுத்த காணொளி ஓடும், தோழியும் கேள்வி கேட்பாள். எனக்கு ஐயம் என்னவென்றால், ‘இனிக் கெடுதல் இல்லை’ என்ற நிம்மதியில் நாம் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாகப் பார்க்கிறோமோ என்பதுதான்.

சரி, அந்த இரண்டு மணி நேரம் போனால் மூளையில் என்ன போகிறது? ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது. தாமதமாகப் படுத்தாலும் மூளை அதை முதலில் பிடித்துக்கொள்கிறது. வெட்டுப்படுவது பின்னிரவு. கனவுகள் மிகுந்த உறக்கம் செறிந்திருப்பது அங்கேதான். 6 மணி அலாரம் அதைப் பாதியில் அறுக்கிறது. மறுநாள் முதலில் சரிவது கவனம். விழித்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும்போதே ஓரிரு நொடிகள் மூளை வெளியுலகை விட்டுவிடும். ஆசிரியர் ஒரு சமன்பாட்டின் இரண்டாவது வரியை எழுதிய நொடியில் அது நேர்ந்தால், மூன்றாவது வரி புரியாது. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அவள் முடிவு செய்துகொள்வாள். புதிய செய்தியை வாங்கி வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் ஓர் இரவு முழுதும் உறங்காதவர்களிடம் மந்தமாக இயங்குவதை மூளைப் படங்களில் கண்டிருக்கிறார்கள்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளரான தம்பி, தலைப்பை விட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். ஆனாலும் அவர் கதைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. “நான் தினமும் 6 மணி நேரம்தான் தூங்குகிறேன், எனக்குப் பழகிவிட்டது, வெளிச்சம் கண்ணில் படாதபடி வெகுவாகக் குறைத்துத்தான் பார்க்கிறேன்” என்றார்.

தம்பி, வெளிச்சத்தை அகற்றிய பிறகும் உறக்கம் 6 மணி நேரம்தான் என்று நீங்களே எங்கள் அணிக்காகச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். அது போகட்டும். ‘பழகிவிட்டது’ என்ற சொல்லைப் பார்ப்போம். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 48 பெரியவர்களைப் பிரித்து, சிலருக்கு 8 மணி நேரமும் சிலருக்கு 6 மணி நேரமும் சிலருக்கு 4 மணி நேரமும் படுக்கையில் இருக்க இடம் கொடுத்து, 14 நாள் பார்த்தார்கள். திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதித்தால் அது ஒரு தவறல். 6 மணி நேரக் குழுவின் தவறல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போய், இறுதியில் இரவு முழுதும் விழித்திருந்தவர்களின் நிலையை எட்டின. ஆனால் ‘எவ்வளவு உறக்கக் கலக்கமாக இருக்கிறது?’ என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாள்களுக்குப் பிறகு அவர்கள் தந்த பதில் அவ்வளவாக மாறவில்லை. குறைவது தொடர்ந்தது, குறைகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. தம்பிக்குப் பழகியது அந்த உணர்வின்மையாகவும் இருக்கலாம்.

“ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டிவிடுகிறேன்” என்றும் சொன்னார். நம் மாணவி விடுமுறையில் இரவு 2 மணிக்குப் படுத்துக் காலை 11க்கு எழுகிறாள். வார நாள்களில் அவள் உறக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 3.15, விடுமுறையில் அது காலை 6.30. மூன்றேகால் மணி நேரம் மேற்கே பறந்து போய்விட்டு, திங்கள் காலை உடலை மட்டும் திரும்ப அழைத்து வந்ததற்கு இது சமம். கடனில் ஒரு பகுதி அடைகிறது, உண்மைதான். ஆனால் ஞாயிறு இரவு 10.30க்கு உறக்கம் வருவதில்லை, கை மறுபடி கைப்பேசியைத் தேடுகிறது. இச்சுற்றில் வெளிச்சத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். நள்ளிரவில் படும் ஒளியும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். எதிரணித் தலைவருக்கு அந்த ஒரு மதிப்பெண்ணை நடுவர் தாராளமாகக் கொடுக்கலாம்.

தம்பி பெருமையாகச் சொன்ன இன்னொன்று பாக்கி இருக்கிறது: “படுத்த ஐந்து நிமிடத்தில், நட்டநடுப் பகலில்கூட, என்னால் தூங்கிவிட முடியும்.” உறக்க ஆய்வுக்கூடங்களில் பகலில் சில முறை படுக்க வைத்து, கண்ணயர எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் 5 நிமிடத்துக்குள் உறங்கிவிடுபவரைத் திறமைசாலி என்று எழுத மாட்டார்கள். கடுமையான உறக்கப் பற்றாக்குறை இருக்கலாம் என்றுதான் எழுதுவார்கள்.