நின்ற இடத்தில் ஓடிய எண்

அனைவருக்கும் வணக்கம். ரோட்டரி என்கோடர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். அதனால் நான் மாட்டிக்கொண்ட ஒரு கோளாறிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் இயந்திரத்துக்கு இடம் காட்டும் டிஸ்ப்ளே ஒன்று செய்துகொடுத்தேன். ஒரு திருகுத்தண்டு சுழலும், அதன் மேல் ஒரு மேடை நகரும். தண்டு ஒரு சுற்று சுற்றினால் மேடை 5 மி.மீ. நகரும். தண்டின் முனையில் என்கோடர், அதாவது தண்டோடு சேர்ந்து சுழலும் 1000 துளைகள் கொண்ட ஒரு தட்டும் துளைகள் கடப்பதைப் பார்க்கும் சென்சாரும். துளைக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால் ஓர் எண் 0.005 மி.மீ. நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடை அசையவில்லை. ஆனால் எண் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று வேகத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு நொடிக்கு 25 முறை. எண்ணும் நொடிக்கு 25 வீதம் ஏறியது. நான்கு நிமிடத்தில் 6000 எண்ணிக்கை. அதாவது மயிரிழைகூட நகராத மேடை 30 மி.மீ. நகர்ந்துவிட்டதாக டிஸ்ப்ளே சொல்லியது.

முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். அப்புறம் என்கோடரையே மாற்றினேன். கோளாறு போய்விட்டது! இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. இந்த முறை எண் இறங்கியது. தப்பு கேபிளிலும் இல்லை, என்கோடரிலும் இல்லை. நான் போட்ட சர்க்யூட்டில்தான் இருந்தது. அது என்ன என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

என்கோடரில் ஒரே ஒரு சிக்னல் இருந்தால் தண்டு சுழல்கிறது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. 0, 1, 0, 1 என்பதை முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதனால் இரண்டு சென்சார்களை வைக்கிறார்கள், A என்றும் B என்றும். இரண்டும் ஒரே மாதிரி அலைதான் தரும். ஆனால் ஒன்று மற்றதிலிருந்து கால் அலை தள்ளி வரும். ஒரு முழு அலையை 360 பாகை என்று வைத்தால் கால் அலை 90 பாகை. இதைத்தான் குவாட்ரச்சர் என்கிறோம்.

A முந்தி வந்தால் அதை முன்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளை கடக்கும்போது நான்கு விஷயங்கள் வரிசையாக நடக்கும். A எழும், B எழும், A விழும், B விழும். A, B இரண்டையும் சேர்த்து எழுதினால் 00, 10, 11, 01, மறுபடி 00. பின்பக்கம் சுழன்றால் இதே வரிசை தலைகீழாக வரும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறுகிறது, இரண்டும் சேர்ந்து மாறுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு அது உதவப்போகிறது.

சரி, திசையைக் கண்டுபிடிக்க எல்லோரும் முதலில் போடுகிற சர்க்யூட் ஒரு டி ஃபிளிப்-ஃபிளாப். 7474 சிப்பில் பாதி போதும். A-யைக் கிளாக் பின்னில் கொடுங்கள், B-யை டி பின்னில் கொடுங்கள். A எழும் அந்தக் கணத்தில் B என்னவாக இருக்கிறது என்று அது பிடித்து வைத்துக்கொள்ளும். முன்பக்கம் சுழன்றால் A எழும்போது B 0-வாக இருக்கும். பின்பக்கம் சுழன்றால் 1-ஆக இருக்கும். திசை கிடைத்துவிட்டது. A-யின் ஒவ்வொரு எழுச்சிக்கும் ஒன்று கூட்டு அல்லது ஒன்று கழி என்று கவுன்டருக்குச் சொன்னால் வேலை முடிந்தது. நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இப்போது தண்டை மிக மெதுவாக, கையால் சுழற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் போகும்போது A எழுகிற இடம் துளையின் ஓர் ஓரம். பின்பக்கம் வரும்போதும் A எழத்தான் செய்கிறது, ஆனால் அது துளையின் மறு ஓரம். அதாவது இந்தச் சர்க்யூட் கூட்டுவது ஓரிடத்தில், கழிப்பது வேறோர் இடத்தில்.

இரண்டு கதவுள்ள ஒரு கூடத்தை நினைத்துப் பாருங்கள். முன் கதவில் நிற்பவர் உள்ளே வருபவர்களை மட்டும் எண்ணுகிறார். பின் கதவில் நிற்பவரும் அப்படித்தான், அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைபவர்களை மட்டும் எண்ணிக் கழிக்கிறார். ஒருவர் நேராக நடந்து கூடத்தைக் கடந்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒரு ஆள் முன் கதவின் வாசற்படியில் நின்று ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று மாறிக்கொண்டே இருந்தால்? அவர் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் "வந்தார் ஒருவர்" என்று எழுதப்படும். எடுக்கும்போது யாரும் எழுதுவதில்லை.

என் மேடைக்கு நடந்தது இதுதான். தண்டு நின்ற இடம் தற்செயலாக A-யின் ஓரத்தில் அமைந்துவிட்டது. அதிர்வு அந்த ஓரத்தை முன்னும் பின்னும் ஆட்டியது. A எழும், விழும், எழும், விழும். B அசையாமல் 0-விலேயே நிற்கிறது. ஒவ்வொரு எழுச்சியிலும் B 0, ஆகவே "முன்பக்கம், கூட்டு". விழுவதை ஃபிளிப்-ஃபிளாப் பார்ப்பதே இல்லை. எண் ஏறத்தானே செய்யும்? துளையின் மறு ஓரத்தில் நின்றிருந்தால் B 1-ஆக இருக்கும், எண் இறங்கும். B மாறும் இரண்டு ஓரங்களில் நின்றால் ஒன்றும் ஆகாது. ஆக, நான்கு ஓரங்களில் ஒன்றில் ஏறும், ஒன்றில் இறங்கும், இரண்டில் சும்மா இருக்கும். ஓரமே இல்லாத நடு இடத்தில் நின்றால் கோளாறே தெரியாது. கோளாறு ஏன் இரண்டு நாள் மறைந்திருந்தது என்பதற்கும் இதுவே விடை. என்கோடரைக் கழற்றி மாட்டும்போது தட்டு கொஞ்சம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் சர்க்யூட்டிலும் இது இருக்கிறதா என்று பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டாம். தண்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருப்பி, எண் மாறும் புள்ளியில் நிறுத்துங்கள். அங்கேயே லேசாக ஆட்டுங்கள். எண் ஒரே பக்கமாக ஓடினால் இதே நோய்தான்.

மருந்து என்ன? ஓர் ஓரத்தைக் கடந்து போனால் கூட்டு, அதே ஓரத்தைத் திரும்பக் கடந்தால் கழி. அதற்கு எழுவதையும் விழுவதையும் இரண்டையும் பார்க்க வேண்டும். பார்ப்பது என்று ஆனபிறகு A-யை மட்டும் ஏன் பார்க்க வேண்டும், B-யையும் சேர்த்து நான்கு மாற்றங்களையும் எண்ணிவிடலாம். 1000 துளைக்கு 4000 எண்ணிக்கை கிடைக்கும். பலர் இதைத் துல்லியத்துக்காகச் செய்கிறார்கள். நான் செய்தது ஆட்டத்தை அடக்கத்தான், துல்லியம் கொசுறு.

சர்க்யூட் எளிமையானது. A, B இரண்டையும் ஒரு வேகமான கிளாக்கால் மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசையாக மூன்று ஃபிளிப்-ஃபிளாப். முதலாவது வெளியிலிருந்து வரும் சிக்னலைக் கிளாக்கோடு ஒத்துப்போக வைப்பதற்கு. கிளாக் அடிக்கும் அதே கணத்தில் உள்ளீடு மாறினால் ஃபிளிப்-ஃபிளாப் கொஞ்ச நேரம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் உள்ளே போகாமல் இருக்கட்டும். அதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். இரண்டாவது இப்போதைய நிலை, கீழே `A`, `B` என்று எழுதுவது இதைத்தான். மூன்றாவது ஒரு கிளாக் முந்தைய நிலை, அவற்றை `Ap`, `Bp` என்று வைத்துக்கொள்வோம். மீதி எல்லாம் சில எக்ஸ்-ஆர் கேட்டும் ஓர் ஆண்ட் கேட்டும்தான்.

```
step = A ^ Ap ^ B ^ Bp
dir  = A ^ Bp
bad  = (A ^ Ap) & (B ^ Bp)
```

`step` 1 என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, எண்ணு. `dir` 1 என்றால் கூட்டு, 0 என்றால் கழி. இந்த இரண்டாவது வரி முதலில் மாயம் போல இருக்கும். கையால் போட்டுப் பாருங்கள். 00-இலிருந்து 10-க்குப் போகிறோம். இப்போதைய A 1, முந்தைய B 0, இரண்டும் வேறு, ஆகவே 1, கூட்டு. அங்கிருந்தே 00-க்குத் திரும்புகிறோம். இப்போதைய A 0, முந்தைய B 0, இரண்டும் ஒன்று, ஆகவே 0, கழி. வாசற்படியில் கால் மாற்றும் ஆள் இப்போது ஒன்று கூட்டி ஒன்று கழித்து அங்கேயே நிற்கிறார். மீதி ஆறு மாற்றங்களையும் வீட்டில் போட்டுப் பாருங்கள், ஒன்றும் தப்பாது.

கையால் திருகும் குமிழ் என்கோடர்களில் தொடுமுனை துள்ளி நாலைந்து பொய்ப் பல்ஸ் வருமே, அதுவும் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். துள்ளுவது ஒரு சிக்னல்தான், மற்றது அசையாமல் நிற்கிறது. கூட்டிக் கழித்துக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

`bad` என்பது A, B இரண்டும் ஒரே கிளாக்கில் மாறிவிட்டன என்று சொல்லும். ஒழுங்கான என்கோடரில் அது நடக்க வழியில்லை என்று பார்த்தோம். நடந்தால் கிளாக் மெதுவாக இருக்கிறது, அல்லது இரைச்சல் உள்ளே வருகிறது. எவ்வளவு வேகம் வேண்டும்? நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. 1000 துளைக்கு நான்கு மாற்றம் வீதம் நொடிக்கு 2,00,000 மாற்றங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மைக்ரோநொடி. ஆனால் அது 90 பாகை சரியாக இருந்தால். சென்சார் கொஞ்சம் தள்ளி மாட்டப்பட்டு 45 பாகை ஆகிவிட்டால் சில இடைவெளிகள் 2.5 மைக்ரோநொடிதான் இருக்கும். அதற்குள் குறைந்தது ஒரு மாதிரியாவது விழ வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக் இங்கே தாராளம்.

இந்த `bad`-ஐ முழுக்க நம்பிவிடவும் கூடாது. இரண்டு மாற்றங்கள் ஒரு கிளாக்குக்குள் போனால் பிடிக்கும். மூன்று போனால் ஒரு படி பின்னால் வந்தது போலத் தெரியும், கழித்துவிடும். நான்கு போனால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதனால் கிளாக்கைத் தாராளமாக வையுங்கள்.

புதிய சர்க்யூட்டை மாட்டியதும் அதே இயந்திரத்தில், அதே அதிர்வில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். எண் நகரவில்லை. ஆனால் கடைசி இலக்கம் மட்டும் இரண்டு எண்களுக்கு நடுவே துடித்துக்கொண்டே இருந்தது. இயந்திரம் ஓட்டுபவர் வந்து, "இது இன்னும் சரியாகவில்லையே சார், ஆடுதே" என்றார். தண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். "தண்டுதான் ஆடுது" என்றார்.