ஈறுக்குள் இருக்கும் பல்

வணக்கம். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போனால், ஆடு வாங்க வருபவர் முதலில் அதன் கீழுதட்டை இழுத்துப் பார்ப்பார். "ரெண்டு பல் போட்டிருக்கு" என்றால் ஒரு வயதைத் தாண்டியது என்று கணக்கு. பல் மருத்துவரான நானும் சில சமயம் மனிதர்களுக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். என்ன, உதட்டை இழுத்துப் பார்த்தால் மட்டும் எனக்குப் போதாது.

2021 அக்டோபரில், அடிதடி வழக்கில் சிக்கிய காசிமேட்டுப் பையன் ஒருவனை, பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் அழைத்து வந்தார்கள். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வீட்டிலேயே பிறந்தவன், பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. அவனிடம் இரண்டும் இல்லை. ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய தோள், நல்ல கறுத்த மீசை. பார்த்தவர்கள் பத்தொன்பது என்றார்கள்.

தோளும் மீசையும் உழைப்பைப் பொறுத்தும் வம்சத்தைப் பொறுத்தும் மாறும். சாப்பாடு குறைந்தால் உயரம் குறையும், எலும்பு வளர்ச்சியும் பின்தங்கும். பல் உருவாவது அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மில்லில் சேர்க்கக் கூடாது என்று 1833இல் சட்டம் வந்தபோது, உயரத்தை வைத்துத்தான் வயதை முடிவு செய்தார்கள். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஏராளமான பிள்ளைகளின் வாயைப் பார்த்துவிட்டு, உயரத்தைவிடப் பல் நம்பகமானது என்று 1837இல் எழுதினார்.

பையன் வாயில் இருபத்தெட்டுப் பல். ஞானப்பல் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கூட வந்த ஒருவர், "அப்போ பதினெட்டு ஆகலைன்னு எழுதிடலாமே டாக்டர்" என்றார். அடிக்கடி நடக்கும் தவறு இது. ஞானப்பல் பதினேழு வயதிலும் வரும், இருபத்தைந்திலும் வரும். தாடையில் இடமில்லாமல் சாய்ந்து, கடைசிவரை ஈறுக்குள்ளேயே கிடப்பதும் உண்டு. சிலருக்கு அந்தப் பல் உருவாவதே இல்லை. அதனால் பல் வெளியே வந்ததா என்பதைவிட, உள்ளே எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அதற்கு இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கிறோம். பல் மேலிருந்து கீழாகக் கட்டப்படுகிறது. முதலில் தலைப்பகுதி, பிறகு வேர், கடைசியாக வேரின் நுனி மூடிக்கொள்ளும். இதை எட்டுப் படிகளாகப் பிரித்தவர் கனடாவின் டெமிர்ஜியன். எட்டாவது படியில் நுனி முழுதாக மூடியிருக்கும். ஞானப்பல் அந்தப் படியை எட்டியிருந்தால் பதினெட்டைத் தாண்டியிருக்க ஏறக்குறைய தொண்ணூறு சதவீத வாய்ப்பு என்று 1993இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு சொன்னது. மீதிப் பத்து சதவீதத்தில்தான் ஒரு பிள்ளை பெரியவர்கள் சிறைக்குப் போய்விடக்கூடும்.

இவன் படத்தில், பன்னிரண்டு வயதில் முளைக்கிற இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர் நுனி மூடியிருந்தது. ஆகவே சுமார் பதினைந்தைத் தாண்டிவிட்டான். கீழ் ஞானப்பல்லின் வேர், தலைப்பகுதியைவிட நீளமாக வளர்ந்திருந்தது. நுனி மட்டும் புனல்போல அகலத் திறந்திருந்தது. அது ஆறாம் படி. மேல்தாடை ஞானப்பல்லை நான் கணக்கில் எடுக்கவில்லை. கன்னத்துக் காற்றறையின் நிழல் விழுந்து வேர் தெளிவாகத் தெரிவதில்லை. ஆறாம் படி பெரும்பாலும் பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் வரும். கேட்ட கேள்வியோ பதினெட்டு ஆனதா இல்லையா என்பது. என் பல் கணக்கு அந்தக் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. எக்ஸ்ரேயை வைத்துச் சொல்லும் வயதில் இரண்டு வருடம் முன்பின் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லியிருக்கிறது. ஒற்றை எண்ணாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன்.

வெளியே அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். "சுனாமி வந்தப்ப இவன் கைக்கொயந்த டாக்டர். இடுப்புல வச்சிக்கினு ஓடுனேன்" என்றார். கைக்குழந்தை என்றால் மூன்று மாதமும்தான், ஒன்றரை வயதும்தான். ஒன்றரை என்றால் பதினெட்டு தாண்டிவிடும். அதனால், அப்போது அவனுக்குப் பல் முளைத்திருந்ததா என்று கேட்டேன். சட்டென்று சிரித்துவிட்டார். "கீழ ரெண்டே ரெண்டு. பால் குடிக்கச்சொல்ல கடிச்சி வச்சிருவான்."

கீழ்முன் பால்பல் இரண்டும் வழக்கமாக ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் வரும். மேல்பல் அதற்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 அன்று அந்த வயது என்றால், அவன் என் முன்னால் நின்ற நாளில் பதினேழு வருடம் நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள். தாயின் வாய்மொழியை மருத்துவ முடிவோடு கலக்கக் கூடாது. எனவே அறிக்கையில் பல் வயது பதினாறு முதல் பத்தொன்பது என்று எழுதினேன். தாய் சொன்னதைத் தனிப் பத்தியாக, அந்த இரண்டு பால்பல் உட்பட, அதற்குக் கீழே சேர்த்தேன்.