சிங்கப்பூர் கடையில் ரூபாயில் கட்டலாமா?

வணக்கம் நேயர்களே. வங்கியில் கார்டு தொடர்பான புகார்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டுப் பயணம் போய்வந்தவர்கள் கொண்டுவரும் புகார்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு கடையில் 400 டாலருக்குப் பொருள் வாங்குகிறீர்கள், இந்தியக் கார்டை நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஷினின் திரையில் இரண்டு தொகை வருகிறது. ஒன்று SGD 400.00, இன்னொன்று INR 27,560.00. எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்கிறது. நம் ஊர்ப் பணம், எவ்வளவு போகிறது என்று உடனே புரிகிறது, ரூபாயையே அழுத்துவோம் என்றுதான் கை போகும். கேஷியரும் "ரூபாயிலேயே போட்டுவிடவா சார்?" என்று அன்பாகக் கேட்பார். பெரும்பாலும் காசு கூடுதலாகப் போவது இந்த இடத்தில்தான்.

கார்டைச் செருகியதுமே அதன் எண்ணின் முதல் சில இலக்கங்களை வைத்து, இது எந்த நாட்டு வங்கியின் கார்டு, எந்த நாணயத்தில் கணக்கு என்று மெஷின் கண்டுபிடித்துவிடும். டாலரில் கட்டினால் அந்த 400 டாலர் அப்படியே விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் அன்றைய ரேட்டில் ரூபாயாக்கி உங்கள் வங்கிக்குக் கணக்கு அனுப்புவார்கள். பெரிய வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கி விற்கும் ரேட்டுக்கு ரொம்பவும் பக்கத்தில் இருக்கும் ரேட் அது. ரூபாயில் கட்டினால் அந்த வழியே கிடையாது. கடைக்கு மெஷின் கொடுத்த அந்த ஊர் வங்கியோ, அதற்காகவே இருக்கும் ஒரு சேவை நிறுவனமோ தானே ஒரு ரேட் போட்டு ரூபாயாக்கிவிடுகிறது. அந்த ரேட்டுக்குள் அவர்களுடைய லாபம் உட்கார்ந்திருக்கும், அதில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் போகும். கேஷியர் ரூபாயைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் பல இடங்களில் இதுதான். இந்த லாபம் 3 சதவீதமாகவும் இருக்கும், 8 சதவீதமாகவும் இருக்கும், அதைத் தாண்டியும் போகும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அன்றைக்கு ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்காகத்தான். 400 டாலருக்கு 26,000 ரூபாய். இந்தியாவில் பல கார்டுகளுக்கு வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கட்டணம் உண்டு, அது 910 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 164 ரூபாய். ஆக டாலரில் கட்டினால் மொத்தம் 27,074.

திரையில் ரூபாய்த் தொகை 27,560 என்று காட்டியதே, அதை 400ஆல் வகுத்தால் டாலருக்கு 68.90 வருகிறது. 65க்கு மேல் 6 சதவீதம். பலர் நினைப்பது என்னவென்றால், ரூபாயில்தானே கட்டினோம், இனி நம் வங்கி எதுவும் பிடிக்காது என்று. ஆனால் கடை வெளிநாட்டில் இருப்பதால், ரூபாயில் நடந்த செலவுக்கும் பல இந்திய வங்கிகள் தனியாக 1 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. உங்கள் கார்டின் கட்டண விவரத்தில் ஏதோ ஒரு மூலையில் அது எழுதியிருக்கும். அதையும் சேர்த்தால் 27,885. ஒரே பொருளுக்கு 811 ரூபாய் கூடுதல். வெளிநாட்டுச் செலவுக்குக் கட்டணமே வாங்காத கார்டு வைத்திருப்பவருக்கு நஷ்டம் இன்னும் பெரிசு, ஏனென்றால் டாலரில் கட்டியிருந்தால் அவருக்கு ஏறக்குறைய 26,000தான் ஆகியிருக்கும். கட்டணம் இல்லை என்றுதானே அந்தக் கார்டை எடுத்தார், அந்தச் சலுகை முழுக்க அந்த ஒரு பட்டனில் போய்விடுகிறது.

எப்போதுமே ரூபாய் தப்பா என்றால், இல்லை. மேலே சொன்ன 3.5 சதவீதக் கார்டையே எடுத்துக்கொண்டால், மெஷின் சேர்த்திருக்கும் லாபம் சுமார் 2.9 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரூபாய்தான் கொஞ்சம் மலிவு. அப்படி அமைவது அபூர்வம். சிலர், டாலரில் கட்டினால் கணக்குக்கு வர ஓரிரு நாள் ஆகுமே, அதற்குள் ரேட் ஏறிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். இரண்டு நாளில் ரேட் அசைவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான், அதுவும் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அதற்குப் பயந்து நிச்சயமாக 6 சதவீதம் கொடுப்பதில் நியாயமே இல்லை.

விதி என்னவென்று தெரிந்திருப்பது நல்லது. எந்த நாணயம் என்பதை முடிவு செய்ய வேண்டியது கார்டுக்காரர்தான், கடைக்காரர் அல்ல. இரண்டு தொகையும், ரேட்டும் முன்கூட்டியே உங்களுக்குக் காட்டப்பட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019ல் வந்த விதிமுறை இதில் ஒரு படி மேலே போனது. யூரோ அல்லாத நாணயம் வைத்திருக்கும் போலந்துக்காரர் ஜெர்மனியில் கார்டு தேய்த்தால், மெஷின் போடும் ரேட் ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று கட்டுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும், 2020 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. நம் கார்டுக்கும் அப்படி ஒரு எண் திரையில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஏடிஎம்மில் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பணம் எடுக்கும்போது ஒரு ரேட்டைக் காட்டி Accept conversion, Decline conversion என்று கேட்கும். Decline அழுத்தினால் பணமே வராது என்று பயந்து பலர் Accept அழுத்திவிடுகிறார்கள். வரும், நிச்சயமாக வரும். மறுப்பது அந்த ரேட்டை மட்டும்தான். மெஷின் அந்த ஊர் நாணயத்தையே கொடுக்கும், கணக்கை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும். ஏடிஎம்முக்கு என்று தனியாகக் கட்டணம் இருந்தால் அது எந்தப் பட்டனை அழுத்தினாலும் உண்டு.

சரி, உங்களைக் கேட்காமலே ரூபாயில் போட்டுவிட்டார்கள், அதை எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்தியைப் பாருங்கள். SGD 400 என்று இருந்தால் கவலையில்லை. வெளிநாட்டுக் கடையின் பெயரோடு வெறும் INR தொகை இருந்தால் மாற்றம் அங்கேயே நடந்துவிட்டது என்று அர்த்தம். சிலிப்பிலும் ரேட்டும், நாணயத்தை நானே தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரியும் அச்சாகியிருக்கும். கடையை விட்டு நகராமல் அந்தப் பில்லை ரத்து செய்து டாலரில் மறுபடி போடச் சொல்லுங்கள், அந்த நிமிடத்தில் அது அவர்களுக்குச் சின்ன வேலை. மறுத்தால் சிலிப்பில் கையெழுத்துப் போடாமல், நாணயம் பற்றி என்னைக் கேட்கவில்லை என்று எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு தரப்படவில்லை என்று உங்கள் வங்கியில் புகார் கொடுக்க வழி இருக்கிறது, கையில் சிலிப் இருந்தால் புகார் நிற்கும். உங்கள் கையெழுத்தோடு அந்த வரி இருந்துவிட்டால் வங்கியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

ஹோட்டலில் இதைக் கவனிக்க வேண்டிய நேரம் அறையைக் காலி செய்யும்போது அல்ல, உள்ளே போகும்போதே. முன்பணத்துக்காகக் கார்டை வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பில்லை உங்கள் நாணயத்தில் போடச் சம்மதம் என்ற வரி அதற்குள்ளேயே இருக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு அந்த ஊர் நாணயத்திலேயே போடுங்கள் என்று வரவேற்பில் சொல்லிவிடுங்கள், காலி செய்யும் அன்றும் கார்டை நீட்டும்போது இன்னொரு முறை சொல்லுங்கள்.